வாய் திறக்காத நோயாளி: ஒரு மாணவியின் முதல் நேர்காணல்

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் பழகுவது 'ஹிஸ்டரி' எடுக்க. என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, இதற்கு முன் என்ன நோய் வந்தது, வீட்டில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா, பழக்கவழக்கம் என்ன என்று நோயாளியிடம் கேட்டு வரிசையாக எழுதிக்கொள்வதற்கு ஆஸ்பத்திரியில் அதுதான் பெயர். 1975இல் பிரிட்டனில் ஹாம்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் படித்து, நோயாளியிடம் விவரம் கேட்ட அளவிலேயே சொன்ன முடிவு, 66 பேருக்குக் கடைசிவரை மாறவில்லை. உடல் பரிசோதனையும் ஆய்வகச் சோதனையும் மற்றவர்களுக்குத்தான் முடிவை மாற்றின.

நோயாளி விவரம் சொன்னால்தான் இதெல்லாம் நடக்கும். சொல்லாத நோயாளியும் வார்டில் உண்டு. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வார், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பார். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் கதையாக ஒரு நிகழ்வை அமைத்து வகுப்பில் அலசுவது வழக்கம். இங்கே வருவதும் பயிற்சிக்காக அமைத்த அப்படி ஒரு கதைதான். ஆட்கள் கற்பனை, நோயும் மருந்தும் நடைமுறையும் உண்மை.

இடம், கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆண்கள் பொது மருத்துவ வார்டு. கார்த்திகை மாதம். நோயாளிக்கு 46 வயது, விசைத்தறித் தொழிலாளி. முந்தைய நாள் மாலை இருமலும் மூச்சு வாங்கலுமாக வந்து சேர்ந்தவர். அருகில் அவருடைய மனைவியின் தம்பி நிற்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், உடன் படிக்கும் மாணவர் ஒருவரோடு, கையில் அச்சிட்ட கேள்வித்தாளுடன் கட்டில் அருகே வருகிறார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே மாணவி கேட்கத் தொடங்குகிறார்.

"என்ன பண்ணுதுங்க ஐயா?"

"சளிதானுங்க."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாங்க."

"சளியில ரத்தம் வருதா?"

"இல்லீங்க."

"இதுக்கு முன்னாடி டிபி, சுகர், பிரஷர் ஏதாவது இருந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

மூன்று நிமிடத்தில் தாள் நிரம்பிவிட்டது. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. மாணவி கடைசி வரியில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி உதவிப் பேராசிரியரிடம் நீட்டுகிறார். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, "மூச்சு நிமிடத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறார். மாணவி எண்ணவில்லை. "பக்கத்தில் நிற்பவர் யார்?" அதுவும் தெரியவில்லை. "முகக்கவசம் எங்கே?" அதுவும் இல்லை.

இந்த மூன்று கேள்வியிலும் நேர்காணலின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இருமலோடு படுத்திருப்பவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார் என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை காசநோய் என்று எண்ணிக்கொண்டே அருகில் போக வேண்டும். போகிறவருக்கு என்95 முகக்கவசம், நோயாளிக்குச் சாதாரண அறுவை முகக்கவசம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கவசம் போட்டால் பேசுகிறவரின் முகம் பாதி மறைந்துவிடும். நோயாளிக்கு மிஞ்சுவது கண்ணும் குரலும் மட்டுமே. நின்றுகொண்டு மேலிருந்து கேட்பதற்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது இன்னும் பெரிதாகிறது.

அடுத்தது, அவரால் பேச முடிகிறதா என்பது. நோயாளி பதில் சொல்லாததற்கு மனம் ஒப்பாதது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. மூச்சு போதாமலும் இருக்கலாம். மாணவி திரும்பிப் போய் முழு ஒரு நிமிடம் எண்ணுகிறார். மூச்சு 26, நாடித் துடிப்பு 108, விரல் கருவியில் ஆக்சிஜன் 94 விழுக்காடு. ஒரு மூச்சில் ஏழெட்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறார். ஆக, பேசலாம், ஆனால் நீளமாகப் பேச வைக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, மூச்சு 30ஐத் தாண்டினாலோ, ரத்தமாக இருமினாலோ, பேச்சு குழம்பினாலோ ஹிஸ்டரியை அங்கேயே நிறுத்திவிட்டுப் பணி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முதல் நேர்காணலில் மாணவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான். கேள்வித்தாளை முடிக்கும் அவசரத்தில், முன்னால் கிடப்பவர் எவ்வளவு முடியாமல் இருக்கிறார் என்பது கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது, பக்கத்தில் நிற்பவர். அரசு மருத்துவமனை வார்டில் தனிமை என்பது கிடைப்பதற்கரிய பொருள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் காது கேட்கும். சொந்தக்காரர் நகர மாட்டார். அவரை வெளியே போகச் சொன்னாலும் சந்தேகம் வரும். இதற்கு வழி, அதைப் பொது வழக்கமாகச் சொல்லிவிடுவது. இரண்டாம் முறை வந்தபோது மாணவி மைத்துனரிடம் சொன்னது இவ்வளவுதான்: "பரிசோதனை செய்யறப்ப எல்லாரையும் தனியாத்தான் பார்ப்போமுங்க. பத்து நிமிஷம் வெளிய இருங்க, முடிஞ்சதும் கூப்பிடறோம்." துணித் திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். தாள் தேவைதான், பேசி முடித்த பின் எழுதுவதற்கு.

"ஐயா, நான் இங்க படிக்கிற பொண்ணு. மருந்து கொடுக்கிறது பெரிய டாக்டருங்கதான். உங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க வந்திருக்கேன். பேச முடியுதுங்களா? மூச்சு வாங்குனா சொல்லுங்க, நிறுத்திக்கலாம்."

அவர் தலையசைத்தார். இந்தத் தலையசைப்பு சம்பிரதாயத்துக்காக வாங்குவதல்ல. மறைக்கிற நோயாளிக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிடி தளரும்.

"கடைசியா எப்பங்கய்யா உடம்பு நல்லா இருந்துச்சு? அங்கிருந்து சொல்லுங்க."

ஹிஸ்டரி எடுப்பதில் கைவந்த ஆசிரியர்கள் விரும்பும் கேள்வி இது. 'எத்தனை நாளாக இருமல்' என்றால் பதில் ஒரு எண்ணோடு முடிந்துவிடும். 'எப்போது நன்றாக இருந்தீர்கள்' என்றால் ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நடந்து வர வேண்டும். அவர் சற்று யோசித்தார். "ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்குப் போயிக் குளிச்சனுங்க. அன்னிக்கு நல்லாத்தான் இருந்தனுங்க அம்மிணி."

பிறகு மாணவி குறுக்கிடவில்லை. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் இடைமறித்துவிட்டது தெரிந்தது. யாரும் இடைமறிக்காவிட்டால் நோயாளி எவ்வளவு நேரம் பேசுவார் என்பதை 2002இல் சுவிட்சர்லாந்தில் அளந்தார்கள். சராசரி 92 வினாடி. விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற பயம் வீண் என்று அது காட்டியது.

அவர் சொன்னது துண்டு துண்டாக வந்தது. ஆடி கழிந்து இருமல். ஆவணியில் சாயங்காலமானால் குளிர்போலக் காய்ச்சல். தீபாவளி நேரத்தில் தறிக்கூடத்தில் வேலை நெருக்கடி. இரண்டு ஷிப்டு ஓட்ட முடியவில்லை, முதலாளியிடம் பேச்சு வாங்கினார். மருந்துக் கடையில் மூன்று முறை மாத்திரை வாங்கினார். மாணவி இரண்டு இடத்தில் மட்டும் கேட்டார். "ராத்திரி வேர்க்குதுங்களா?" தலையணை நனைவதாகச் சொன்னார். "உடம்பு இளைச்ச மாதிரி இருக்குங்களா?" என்றதற்கு, அரைஞாண் கயிறு கழன்று விழுவதால் இரண்டு முறை முடிச்சை மாற்றிப் போட்டதாகச் சொல்லி, போர்வையை விலக்கிக் காட்டினார். வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லாதவரிடம் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்டால் ஊகமாக ஓர் எண் வரும். கயிற்றின் முடிச்சு பொய் சொல்லாது.

மூன்றரை மாத இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, இளைப்பு. காசநோயின் அடையாளங்கள் வரிசையாக வந்துவிட்டன. இனி அடுத்த கேள்வி: இதற்கு முன் வந்ததா?

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி இருமல் வந்து, மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

அதுவரை சரளமாக வந்த பதில் நின்றது. அவர் திரைப் பக்கம் பார்த்தார். "இல்லீங்க" என்றார், முன்பைவிட மெதுவாக.

முதல் நேர்காணலிலும் இதே 'இல்லீங்க'தான் வந்தது. ஆனால் எல்லாப் பதிலும் ஒரே வேகத்தில் வந்ததால் அங்கே இது தனித்துத் தெரியவில்லை. மற்றவற்றை மனம் விட்டுச் சொல்லிவிட்டு ஓரிடத்தில் மட்டும் தயங்கும்போதுதான் அந்த இடம் தெரிகிறது. அங்கேயே அழுத்திக் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். மாணவி வேறு பக்கம் போனார்: சாப்பாடு, தூக்கம், வீட்டில் யார் யார். மனைவி, கல்லூரி முடித்த மகள், பத்தாவது படிக்கும் மகன். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை, வெளியே நிற்கும் மைத்துனரின் மகன்.

எதை மறைக்கிறார் என்பதற்கு முன், ஏன் மறைக்கிறார் என்பது கிடைத்துவிட்டது. மாணவி இப்போது கேட்டது வேறு விதமாக இருந்தது.

"இந்த மாதிரி இருமலோட வர்றவங்க நிறையப் பேரு முன்னாடியே எங்கியாவது மாத்திரை சாப்பிட்டிருப்பாங்க. கொஞ்சம் தேவலைன்னதும் நிறுத்தினவங்களும் உண்டு. அது தப்புன்னு திட்டுறதுக்காகக் கேக்கலீங்க. எப்பவாவது மாத்திரை சாப்பிட்டப்ப ஒண்ணுக்குப் போற நிறம் மாறுச்சுங்களா?"

நீண்ட நேரம் கழித்து அவர் சொன்னார்: "கனகாம்பரக் கலருல போச்சுங்க. ரெண்டு வருசம் ஆச்சு."

காசநோய்க்குத் தரும் நான்கு மருந்துகளில் ரிஃபாம்பிசின் ஒன்று. அதைச் சாப்பிட்டவருக்குச் சிறுநீர் ஆரஞ்சாகவோ செம்மையாகவோ போகும். வியர்வையும் கண்ணீரும்கூடச் சாயம் ஏறலாம். அதில் கெடுதல் இல்லை. மாத்திரையின் பெயர் தெரியாதவரும், பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவரும் இந்த நிறத்தை மறப்பதில்லை. நோயின் பெயரைச் சொல்லாமலேயே அதைப் பற்றிப் பேச இது ஒரு வாசல்.

இந்தக் கேள்வியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "ஆரஞ்சு கலர்ல போச்சா?" என்று நிறத்தை நாமே எடுத்துக்கொடுத்தால், டாக்டர் மனம் கோணக் கூடாதென்று ஆமாம் என்பவர்கள் நம் ஊரில் நிறைய. நிறம் மாறியதா, என்ன நிறம் என்று அவர் வாயால் வரவைத்ததால்தான் 'கனகாம்பரம்' என்ற சொல்லுக்கு மதிப்பு. அப்போதும் அது சாட்சியம் ஆகிவிடாது. சத்து மாத்திரை சிறுநீரை அடர் மஞ்சளாக்கும். மஞ்சள் காமாலையிலும் நிறம் மாறும். பழைய சீட்டு, பதிவு, சோதனை எல்லாம் சேர்ந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

மீதிக் கதை தானாக வந்தது. இரண்டு வருடம் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். காய்ச்சல் போயிற்று, இருமல் நின்றது, பசி எடுத்தது. மாத்திரை சாப்பிட்டால் குமட்டல் வேறு. வாங்கப் போனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டார். மனைவிக்குத் தெரியும், மனைவி வீட்டாருக்குத் தெரியாது.

அவர் நிறுத்திய இடம் தற்செயலாக அமைந்ததல்ல. காசநோய் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். வேகமாகப் பெருகும் கிருமிகளை அவை முதலில் கொன்றுவிடுவதால் உடம்பு தேறிவிடும். மெதுவாக இயங்கும் கிருமிகள் பதுங்கியிருக்கும். அவற்றைத் தீர்க்கத்தான் பைரசினமைடு தவிர்த்த மற்ற மூன்றும் இன்னும் நான்கு மாதம். நோயாளிக்கு நோய் போய்விட்டதாகத் தோன்றுவதும் வேலையில் பாதிகூட முடியாததும் ஒரே சமயத்தில் நடக்கிறது. அப்போது நிறுத்துகிறவரை அசட்டை என்று திட்டுவதில் பயனில்லை. நன்றாகிவிட்டேன் என்று உடம்பே அவரிடம் சொன்னது.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "மச்சானுக்குத் தெரிய வேண்டாமுங்க அம்மிணி. யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

முதல் நேர்காணலில் மாணவர் வழுக்கி விழும் இடம் இதுதான். இரக்கத்தில் "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. வைத்தியம் செய்யும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2012 முதல் காசநோய் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். வீட்டில் கூட இருப்பவர்களைப் பரிசோதிக்கவும் வேண்டும். கொடுத்த வாக்கு மறுநாளே உடைந்தால் அவர் இனி எந்த வெள்ளைக் கோட்டையும் நம்ப மாட்டார். மாணவி சொன்னது: "உங்க மச்சான்கிட்ட நான் சொல்ல மாட்டேனுங்க. ஆனா உங்களுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர்கிட்டச் சொல்லித்தான் ஆகணும். அப்பத்தான் சரியான மருந்து வரும். அவங்களும் வெளியில சொல்ல மாட்டாங்க. வீட்டுல அம்மாவையும் பிள்ளைங்களையும் பரிசோதிக்கணும், அதை எப்படிச் செய்யறதுன்னு உங்ககிட்டப் பேசிட்டே செய்வாங்க."

அவர் மறுக்கவில்லை.

இன்னொன்று பாக்கி இருந்தது. 'குடிப்பழக்கம் உண்டா' என்பதற்கு முதலில் 'இல்லை' என்று வந்திருந்தது. மாணவி அதை "வேலை முடிஞ்சு வர்றப்ப எவ்வளவு எடுத்துக்குவீங்க?" என்று மாற்றிக் கேட்டார். தினம் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. கடைசியாக எப்போது என்றதற்கு முந்தாநாள் இரவு என்றார். இதை ஒழுக்கக் கேள்வியாக எண்ணிக்கொண்டு பல மாணவர்கள் கூச்சத்தோடு தாண்டிப் போகிறார்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கம் வரலாம். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சித்தப் பிரமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. குடிப்பவருக்கு அந்த அபாயம் கூடுதல். ஆகவே கடைசியாகக் குடித்த நேரத்தை எழுதிவைப்பது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதுவதைப் போலவே அவசியம்.

திரைக்குள் போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மூச்சு வேகம் கூடுவதைக் கண்டு மாணவி நிறுத்திக்கொண்டார். கேட்காத கேள்விகள் இருந்தன, மாலையில் கேட்கலாம்.

உதவிப் பேராசிரியரிடம் இரண்டாம் முறை சொன்னபோது விவரம் சுருக்கமாக இருந்தது: "46 வயது, விசைத்தறித் தொழிலாளி. மூன்றரை மாதமாக இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு. இரண்டு வருடம் முன்பு காசநோய் மருந்து இரண்டு மாதம் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். தினம் 180 மில்லி மது, கடைசியாக முந்தாநாள் இரவு. மைத்துனருக்கு இது தெரிய வேண்டாம் என்கிறார்." இதில் நடுவில் வரும் ஒரு வரி, சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. பாதியில் நிறுத்தியவரின் உடம்பில் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பணியாததாக மாறியிருக்க வாய்ப்பு அதிகம். சளியைச் சிபிநாட் கருவியில் வைத்தால் காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குப் பணிகிறதா என்ற இரண்டும் சுமார் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அது எல்லோருக்கும் செய்யும் சோதனைதான். ஆனால் அது ரிஃபாம்பிசினை மட்டுமே சொல்லும். ஐசோநியாசிடுக்குக் கிருமி பணிகிறதா என்று பார்க்க வேறு சோதனை வேண்டும். பழைய சிகிச்சை தெரிந்திருந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

கதையில் அவருக்குக் கிருமி இருப்பது உறுதியாகிறது. ரிஃபாம்பிசினுக்கும் ஐசோநியாசிடுக்கும் பணிகிறது. அதே ஆறு மாத மருந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, எடை மிகக் குறைந்தவர், மூச்சு வேகம் கூடியவர், துணையின்றி நிற்க முடியாதவர் ஆகியோரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். இவருடைய மூச்சு வேகம் அதற்குள் வருகிறது. மதுவை நிறுத்தியதற்கான மருந்தும் கண்காணிப்பும் அன்றே ஆரம்பமாகின்றன. மனைவி, பிள்ளைகள் சோதனைக்கு வருகிறார்கள். கல்யாணம் என்ன ஆயிற்று என்பதைக் கதை சொல்வதில்லை. ஆசிரியர்கள் அதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது மாணவியின் கையில் இல்லை.

எல்லா நோயாளியும் இப்படித் திறந்துகொள்வார் என்று கதையைப் படித்து முடிவு கட்டக் கூடாது. சிலர் இரண்டாம் நாள் சொல்வார்கள், சிலர் செவிலியரிடம் மட்டும் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள். அப்போது எழுத வேண்டியது 'நோயாளி முன் சிகிச்சை எதுவும் இல்லை என்கிறார்' என்பதுதான். 'முன் சிகிச்சை இல்லை' என்று எழுதினால், அடுத்துப் படிக்கும் மருத்துவர் அதை உறுதி செய்யப்பட்ட உண்மையாக எடுத்துக்கொண்டு மேலே கேட்காமல் விட்டுவிடுவார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் எவரும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். விவரம் கேட்க 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. முன்பு காசநோய் மாத்திரை சாப்பிட்டிருந்தால், ஒரு வாரமே சாப்பிட்டிருந்தாலும், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பழைய சீட்டு இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.